பொருள்: அவசரம்!!!

காங்கேயம் பக்கம் செக்கு எண்ணெய் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவர், 2025 செப்டம்பர் கடைசியில் எனக்கு ஒரு மெயிலை ஃபார்வர்டு செய்துவிட்டு கையோடு போனும் செய்தார். “தம்பி, மூணு வாரமா மெயில் போடறனுங்க. ஒரு ஆர்டர் கூட வரலீங்க. கோயமுத்தூர்ல இருக்கற என்ற மச்சான் சொல்றான், எல்லாம் ஸ்பேம்ல போய்க் கெடக்குதாம்.”

சிறு வியாபாரிகளுக்குக் கடிதமும் விளம்பர வாசகமும் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மெயிலைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. சப்ஜெக்ட் வரி இப்படி இருந்தது:

```
Re: URGENT!!! LAST 2 HOURS - FREE FREE FREE OIL!!!
```

அவரிடம் ஒரு பட்டியலும் இருந்தது. ஆங்கிலத்தில் நூறு வார்த்தைகள். இவற்றை எழுதினால் மெயில் ஸ்பேமுக்குப் போய்விடும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அதில் ஃப்ரீ என்ற வார்த்தையும் இருந்தது. “இந்த ஃப்ரீயை எடுத்துட்டா சரியாப் போயிருமுங்களா?” என்று கேட்டார். அந்த வரியில் இருந்த எல்லாவற்றிலும் குற்றம் குறைந்தது அந்த ஃப்ரீதான். அது மூன்று முறை வந்ததுதான் தப்பு.

வார்த்தைப் பட்டியல் வைத்து வடிகட்டுவது மிகப் பழைய முறை. அதிலிருந்து வேறு பக்கம் திருப்பியவர்களில் பால் கிரகாம் என்ற அமெரிக்க நிரல் எழுத்தாளர் முக்கியமானவர். 2002 ஆகஸ்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன வழி எளிமையானது. நல்ல மெயில்களை ஒரு குவியலாகவும் ஸ்பேம்களை இன்னொரு குவியலாகவும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லும் எந்தக் குவியலில் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். புதிதாக ஒரு மெயில் வந்தால், அதிலுள்ள சொற்கள் எந்தக் குவியலோடு அதிகம் பழகியவை என்று பார்த்து, இது ஸ்பேமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட வேண்டும். அப்படி எண்ணியபோது அவருக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. ஸ்பேமைக் காட்டிக்கொடுப்பதில் ஆபாசச் சொற்களுக்குச் சற்றும் குறையாமல் இருந்தது `ff0000`. அது சொல்லே அல்ல. இணையப் பக்கத்தில் எழுத்தைப் பளிச்சென்ற சிவப்பாக்கும் நிறக் குறியீடு. மனிதன் உட்கார்ந்து யோசித்துப் பட்டியல் போட்டிருந்தால் அது அதில் இருந்திருக்காது.

இந்த முறையில் எந்தச் சொல்லும் தனியாகக் குற்றவாளி ஆகாது. சேர்க்கையைப் பொறுத்தே தீர்ப்பு. ‘இலவசம்’ என்ற சொல் ‘நல்லெண்ணெய்’, ‘அரை லிட்டர்’, ‘காங்கேயம்’ ஆகியவற்றோடு வந்தால் அது கடைக்காரர் பேச்சு. பெரிய எழுத்து, ஆச்சரியக்குறி, ‘இரண்டு மணி நேரம்’ ஆகியவற்றோடு வந்தால் அது வேறு ஆளின் பேச்சு.

சிறிய ஹோஸ்டிங் நிறுவனங்களின் சர்வர்களில் பரவலாக ஓடும் ஸ்பேம்அசாசின் என்ற இலவச மென்பொருளைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். அது மெயிலுக்கு மதிப்பெண் போடுகிறது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வழக்கமான அமைப்பில் 5-ஐத் தொட்டால் ஸ்பேம் என்று முத்திரை குத்திவிடும். மெயிலின் மறைவான தலைப்புப் பகுதியில் அந்த மார்க் ஷீட் இருக்கும். மாதிரிக்கு ஒன்று:

```
X-Spam-Status: Yes, score=6.1 required=5.0
```

சப்ஜெக்ட் முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அதற்கென்று ஒரு விதி உண்டு, பெயர் `SUBJ_ALL_CAPS`. ஆனால் அந்த ஒன்றுக்காக மட்டும் மெயில் ஃபெயில் ஆகாது. அது கூட்டுகிற மதிப்பெண் சிறியது. ஏற்கெனவே நாலே காலில் நிற்கிற மெயிலைத்தான் அது பிடித்துத் தள்ளும். நம் அண்ணனின் மெயில் அந்த நாலே காலுக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஜிமெயிலில் ஒரு குறுக்குவழி உண்டு. மெயிலைத் திறந்து, மூலையிலுள்ள மூன்று புள்ளியை அழுத்தினால் `Show original` என்று வரும். அதில் `SPF`, `DKIM`, `DMARC` என்று மூன்று வரிகள். இந்த மெயில் உண்மையில் இந்த முகவரிக்காரரிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் மூன்று ஏற்பாடுகள் அவை. மூன்றுக்கும் நேரே `PASS` இருக்க வேண்டும். அண்ணனின் மெயிலில் ஒன்றுக்குத்தான் இருந்தது. கையெழுத்தில்லாமல் வந்த கடிதம் மாதிரி. இதைச் சரிசெய்யாமல் சப்ஜெக்டை மட்டும் திருத்துவது, ஒழுகுகிற டின்னுக்கு லேபிள் மாற்றுகிற வேலை. அவருடைய வெப்சைட் பார்க்கிற பையன் அன்று மதியமே அதை முடித்துக் கொடுத்தான்.

அப்படியானால் சப்ஜெக்டில் என்ன இருக்கிறது, அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஏனென்றால் சப்ஜெக்ட் வரி மெயிலைக் கெடுப்பது பெரும்பாலும் இயந்திரத்தின் வழியாக அல்ல, வாசிப்பவரின் விரல் வழியாக. பஸ்ஸில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருப்பவர் ‘கடைசி 2 மணி நேரம்’ என்பதைப் பார்த்து எரிச்சலாகி, ஸ்பேம் என்று புகார் சொல்லும் பட்டனை அமுக்கிவிடுகிறார். மெயில் வேண்டாம் என்று விலக வேறு வழி இருக்கிறது. அதைத் தேடும் பொறுமை அந்த எரிச்சலில் இருக்காது. அந்த ஓர் அமுக்கல் அனுப்புநர் கணக்கில் ஏறிவிடும்.

எத்தனை அமுக்கல் வரை தாங்கும்? கூகுள் இதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளின்படி, புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது, 0.3 சதவீதத்தை ஒருபோதும் தொடக் கூடாது. கேட்கச் சாதாரணமாக இருக்கும் இதை ஆட்கணக்காக்கிப் பாருங்கள். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் ஒருவர் கோபப்படலாம். மூன்று பேர் கோபப்பட்டால் நீங்கள் எல்லையில் நிற்கிறீர்கள். அண்ணனிடம் இருந்தது பொருட்காட்சி ஸ்டால்களில் நோட்டுப் போட்டு வாங்கிய சுமார் மூவாயிரம் முகவரி. அவருக்கு ஒன்பது பேர் போதும். அந்த ஒன்பது பேரின் கோபத்தால், அவர் எண்ணெயை விரும்பி வாங்குகிற வீட்டுக்கும் அடுத்த மெயில் ஸ்பேம் பெட்டிக்குள் போகும்.

“எனக்கு நானே அனுப்பிப் பார்த்தனுங்க, இன்பாக்ஸ்லதான் வந்துது” என்றார். வரத்தான் செய்யும். தன் கடை மெயிலை அவர் தினமும் திறக்கிறவர், பதில் போடுகிறவர். ஜிமெயில் அதைப் பார்த்துப் பழகியிருக்கிறது. சொந்தப் பெட்டிக்கு அனுப்பிச் சோதிப்பது, கல்யாணச் சாப்பாடு எப்படியிருக்கிறது என்று சமையல்காரரிடமே கேட்பதற்குச் சமம். மச்சான் மாதிரி, எப்போதோ ஒருமுறை வாங்கிவிட்டு மறந்துபோன நாலு பேரின் பெட்டியில் பார்க்க வேண்டும். அங்கே ஸ்பேமில் கிடந்தால், இது ஏன் ஸ்பேமில் இருக்கிறது என்று மெயிலின் தலைமாட்டில் ஜிமெயிலே ஒரு வரி காரணமும் எழுதியிருக்கும்.

பிறகு வரியைக் கையில் எடுத்தோம். முதலில் வெட்டியது முன்னால் இருந்த `Re:`. ஏதோ பழைய பேச்சின் தொடர்ச்சி என்று நினைத்து ஆட்கள் திறப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். திறக்கத்தான் திறப்பார்கள், திறந்ததும் ஏமாந்தது தெரிந்துவிடும். அந்த இரண்டு எழுத்து, ‘இந்த விஷயமாக’ என்று பொருள்படும் லத்தீன் தொடரிலிருந்து வந்தது. நம் ஊர் அரசுக் கடிதங்களில் ‘பொருள்’ என்று போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் ‘பொருள்: பட்டா மாறுதல் வேண்டுதல் தொடர்பாக’ என்று எழுதுவார். எவ்வளவு அவசரக்காரர் வந்தாலும் ‘பொருள்: அவசரம்!!!’ என்று எழுத மாட்டார். உள்ளே இருக்கிற குமாஸ்தாவுக்கு எந்தக் கட்டில் சேர்ப்பது என்று தெரிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து ‘2 மணி நேரம்’. “இரண்டு மணி நேரத்துக்கு அப்புறம் கேட்டா கொடுக்க மாட்டீங்களாண்ணா?” என்றேன். “அதெப்படிங்க, வர்ற வியாபாரத்தை வேண்டாங்கறதுங்களா?” என்று சிரித்தார். அப்படியானால் அது பொய். நம் தியேட்டர் போஸ்டரில் ‘இன்றே இப்படம் கடைசி’ என்று ஒட்டினால், மறுநாள் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பது உண்மையாக இருந்தது. அதனால்தான் அந்தச் சீட்டுக்கு மதிப்பு. இங்கே ஸ்டாக் அப்படியே இருக்கிறது. இது நாகரிகக் குறைவு என்பதோடு நிற்கவில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், வாங்குபவரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்கின்றன. அதில் முதலாவதே பொய்யான அவசரம். நேரமோ சரக்கோ தீரப்போகிறது என்று இல்லாததைச் சொல்லி வாங்கவைப்பது அதில் அடங்கும்.

ஆனால் அவரிடம் உண்மையான அவசரம் ஒன்று இருந்தது. அதை அவர் எழுதவே இல்லை. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. முறுக்கும் அதிரசமும் சுடுவது அதற்கு முந்தைய சனி, ஞாயிறில். பார்சல் காங்கேயத்திலிருந்து சென்னைக்குப் போய்ச் சேர அந்த நெரிசலில் நாலு நாள் பிடிக்கும். ஆக 13-ஆம் தேதிக்குள் ஆர்டர் வந்தால்தான் எண்ணெய் அடுப்புக்கு வேளையில் போய்ச் சேரும். இதில் மிரட்டல் இல்லை. வீட்டில் பலகாரம் சுடுகிற யாருக்கும் தேவையான தகவல். வற்புறுத்தலுக்கும் தகவலுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படித்தான் பார்க்கிறேன்: அந்தக் கெடு யாருடைய வசதிக்காக?

இந்த இடத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். கத்தலுக்கு மாற்று மென்மை என்று நினைத்து, ‘தீபாவளி வாழ்த்துகளும் ஒரு சிறு செய்தியும்’ என்று எழுதினேன். எழுதும்போது அழகாக இருந்தது. அண்ணனின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, “வாழ்த்துன்னு நெனச்சுத் திறந்தா எண்ணெய் விக்கறீங்க” என்றார். ஒரே அடி. விற்க வந்ததை மறைத்துவைத்த வரி எவ்வளவு தணிந்த குரலில் பேசினாலும், `Re:` செய்த அதே வேலையைத்தான் செய்கிறது. விற்கத்தான் வந்திருக்கிறோம் என்பது வரியிலேயே தெரிய வேண்டும்.

மூன்றாவதாக எழுதியது நின்றது: ‘பலகார எண்ணெய்: 13-க்குள் சொன்னால் தீபாவளிக்கு முன் வரும்’. போனில் நீள வரி பாதியில் வெட்டுப்படும் என்பதால் முக்கியமான சொல் முதலில். கடைப் பெயரை சப்ஜெக்டில் போடவில்லை. அதற்கு அனுப்புநர் பெயர் இருக்கிறது. அதில் இதுவரை ‘மார்க்கெட்டிங் டீம்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. கடையில் அண்ணன், அண்ணி, இரண்டு வேலையாட்கள். எந்த டீம் என்று தெரியவில்லை. கடைப் பெயரையே போட்டோம். இலவசத்தைத் தூக்கி எறியவும் இல்லை. சப்ஜெக்டை அடுத்து மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரியில் அது போய் உட்கார்ந்தது: ‘2 லிட்டர் நல்லெண்ணெய்க்கு அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் இலவசம்’. ஒரே ஒரு முறை, என்ன அளவு என்பதோடு.

வரி தமிழுக்கு மாறியதால் பெரிய எழுத்துச் சிக்கல் தானாகவே போய்விட்டது; தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து ஏது? நம் மொழியில் கத்துவது வினைச்சொல்லில் நடக்கும். முந்துங்கள், தவறவிடாதீர்கள், அள்ளிச் செல்லுங்கள். ஏவல் வினை ஒன்றுக்கு மேல் இருந்தால் நான் பென்சிலை எடுத்துவிடுவேன். ஆனால் தமிழில் எழுதும்போது வேறு ஒரு பள்ளம் இருக்கிறது. மெயிலின் சப்ஜெக்ட் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமந்து செல்ல ஏற்பட்ட வரி. ‘தீபாவளி’ என்று எழுதினால் அது வழியில் இப்படி உருமாறித்தான் போகும்:

```
Subject: =?UTF-8?B?4K6k4K+A4K6q4K6+4K614K6z4K6/?=
```

போய்ச் சேர்ந்ததும் மறுபடி தமிழாகிவிடும். ஜிமெயில் போன்றவை இதை நமக்குத் தெரியாமலே செய்துவிடும். வெப்சைட்டிலிருந்து மெயில் அனுப்ப யாரோ கைப்பட எழுதிய பழைய நிரல் இதைச் செய்யாமல் விட்டால், சில பெட்டிகளில் குப்பை எழுத்தாகத் தெரியும். வடிகட்டியும் அதற்கு ஒரு சந்தேக மதிப்பெண் போடும். இன்னொரு ரகம், டி.டி.பி. கடையில் பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே கொண்டுவந்து ஒட்டுவது. அங்கே தீபாவளியாகத் தெரிந்தது பெறுபவர் திரையில் `jPghtsp` என்று வரும். ஸ்பேம்காரர்கள் வடிகட்டியை ஏய்க்க இப்படித்தான் எழுத்தைக் கலைத்துப் போடுவார்கள். யூனிகோடில் அடிக்காமல் எந்தத் தமிழ் சப்ஜெக்டையும் அனுப்பாதீர்கள்.

புது வரியை மூவாயிரம் பேருக்கும் அனுப்ப வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கெட்ட பெயர் ஒரே நாளில் போகாது. கடந்த ஓராண்டில் வாங்கியவர்களுக்கு மட்டும் முதலில் அனுப்பினோம். அடியில், ஒரே அமுக்கில் விலகிக்கொள்ள ஒரு பட்டனும் வைத்தோம். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நான் பார்க்கவில்லை. 2021-இல் ஐபோனின் மெயில் செயலி, வாசிப்பவர் திறக்காமலே மெயிலின் படங்களை முன்கூட்டி இறக்கி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. அதிலிருந்து அந்த எண்ணை நம்பிப் பயனில்லை. நாங்கள் எண்ணியது பதில்களை. “வழக்கம்போல ரெண்டு லிட்டர் போட்டுடுங்க” என்று மெயிலிலேயே எழுதியிருந்தார்கள். அப்படி வருகிற பதில் வாடிக்கையாளர் தருகிற நற்சான்றிதழ் மாதிரி. வடிகட்டியும் அதைக் கவனிக்கிறது.

ஊருக்குத் திருத்திக் கொடுக்கிற நானும் இதில் அடிபட்டவன்தான். ஒரு இடத்தில் கட்டுரைப் பணம் வரவேண்டியிருந்தது. முதலில் ‘நினைவூட்டல்’, பிறகு ‘அவசரம்’, அதற்கும் பிறகு ‘மிக அவசரம் – மூன்றாவது முறை கேட்கிறேன்’ என்று மூன்று மெயில் போட்டேன். சத்தமில்லை. கடைசியில் கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தால், எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: “சார், இங்க வர்ற மெயில் எல்லாமே அவசரம்தான் சார். எந்த பில்லுன்னு நீங்க சப்ஜெக்ட்ல போடலை. தேடினா கிடைக்க மாட்டேங்குது.” என் கோபம் மூன்று வரியிலும் இருந்தது, பில் எண் ஒன்றில்கூட இல்லை. அன்றே ‘பில் 47 – ஆகஸ்ட் கட்டுரை – ரூ. 4,500 – செப். 30 கெடு’ என்று அனுப்பினேன். அடுத்த வாரம் பணம் வந்தது.

பாக்கி கேட்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண், எதற்கு, எவ்வளவு, எப்போது. இரண்டாம் முறை அனுப்பும்போது சப்ஜெக்டை மாற்றாமல், பழைய மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள். அப்போது வருகிற `Re:` நிஜமானது; முன்பு கேட்டதும் தேதியோடு அடியிலேயே இருக்கும். ‘இறுதி எச்சரிக்கை’ என்ற சொல்லை வக்கீல் நோட்டீசுக்கு விட்டுவிடலாம்.

பொங்கல் மெயிலை அண்ணன் தானே எழுதி என் பார்வைக்கு அனுப்பினார்: ‘பொங்கலுக்குப் புது நெய் வந்திருக்குங்க!’ அந்த ஒரு ஆச்சரியக்குறியில் நான் கை வைக்கவில்லை.